ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டினால் விற்றுவிட வேண்டுமா?

பங்குச் சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: “நிஃப்டி ஓவர்பாட் ஜோனுக்குள் வந்துவிட்டது.” கேட்டவுடன் கையில் இருக்கும் பங்குகளை விற்றுவிடத் தோன்றும். சிலர் விற்கிறார்கள். இன்னும் துணிந்த சிலர், கையில் இல்லாததையே ஃபியூச்சர்ஸில் விற்று, சந்தை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். சந்தையோ பல நேரங்களில் இன்னும் ஏறிவிடுகிறது. ஏன் இப்படி என்று முதலீட்டாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, 2020 இறுதியில் நிஃப்டி ஏறிய ஏற்றத்தை உதாரணமாக வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

ஓவர்பாட் என்று எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் ஆர்.எஸ்.ஐ. என்ற அளவீட்டைப் பார்த்து. இதை உருவாக்கியவர் ஜே. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். அடிப்படையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்த அளவீட்டை அறிமுகப்படுத்தினார். 0 முதல் 100 வரை போகும் ஓர் எண் இது. 70-க்கு மேல் போனால் ஓவர்பாட், 30-க்குக் கீழே வந்தால் ஓவர்சோல்ட் என்பது வழக்கம். இன்று எந்த புரோக்கரின் செயலியில் சார்ட்டைத் திறந்தாலும் இது இருக்கும்.

கணக்கு சுலபமானதுதான். கடந்த 14 நாட்களில் விலை ஏறிய நாட்களின் ஏற்றத்தையெல்லாம் கூட்டி 14-ஆல் வகுத்தால் சராசரி ஏற்றம். இறங்கிய நாட்களின் இறக்கத்தைக் கூட்டி அதே 14-ஆல் வகுத்தால் சராசரி இறக்கம். ஏற்றத்தை இறக்கத்தால் வகுத்தால் கிடைப்பது RS.

```
RSI = 100 − 100 / (1 + RS)
```

ஒரு பங்கு 14 நாட்களில் மொத்தம் 112 ரூபாய் ஏறி, இடையிடையே மொத்தம் 28 ரூபாய் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். சராசரி ஏற்றம் 8, சராசரி இறக்கம் 2. RS என்பது 4. ஆர்.எஸ்.ஐ. 80.

இதே 80-ஐ இன்னும் எளிதாகப் பெறலாம். அந்தப் பங்கு மேலும் கீழுமாக நகர்ந்தது மொத்தம் 140 ரூபாய். அதில் 112 ரூபாய் மேல்நோக்கியது, அதாவது நூற்றுக்கு 80 பங்கு. ஆர்.எஸ்.ஐ. சொல்வது இவ்வளவுதான். பங்கு மலிவா, விலை உயர்ந்துவிட்டதா, வாங்க இனி ஆள் இல்லையா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது. கம்பெனியின் லாபம் இதில் இல்லை, பங்கின் மதிப்பும் இல்லை. சமீபத்திய நகர்வில் எத்தனை பங்கு மேல்நோக்கி இருந்தது என்பது மட்டுமே உண்டு. (வைல்டர் முதல் 14 நாளுக்குப் பிறகு பழைய சராசரியோடு புதிய நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் முறையைக் கையாண்டார். சார்ட்டில் நாம் பார்ப்பது அந்தக் கலவைதான். சாரம் மாறாது.)

சரி, நூற்றுக்கு எண்பது மேல்நோக்கி என்றால் அடுத்து இறங்கித்தானே ஆக வேண்டும்?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஆர்.எஸ்.ஐ.க்கு 100 என்ற கூரை உண்டு. விலைக்குக் கூரை கிடையாது. 80-ல் இருக்கும் ஆர்.எஸ்.ஐ.க்கு மேலே போக இடம் குறைவு என்பது உண்மை. அதனால் விலைக்கும் இடம் குறைவு என்று நினைப்பது தவறு. தினமும் கொஞ்சம் ஏறி எப்போதாவது லேசாக இறங்கும் பங்கின் ஆர்.எஸ்.ஐ. 75-லும் 78-லும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எண் நகராது, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

2020 நவம்பருக்கு வருவோம். அக்டோபர் 30 அன்று நிஃப்டி 11,642-ல் முடிந்தது. அதற்கடுத்த நாள் முதல் வரிசையாக ஏற்றம். அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்திருந்தது. நவம்பர் 9 அன்று ஃபைசர் நிறுவனம் தன் கோவிட் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருவதாக அறிவித்தது. அன்று நிஃப்டி 12,461-ல் முடிந்து, கோவிடுக்கு முந்தைய ஜனவரி உச்சத்தைத் தாண்டியது. மறுநாள் 12,631. தினசரி ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டியது இந்த நாட்களில்தான்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஏழே வர்த்தக நாளில் கிட்டத்தட்ட ஆயிரம் புள்ளிகள் ஏறியிருக்கிறது. பொருளாதாரம் இன்னும் ஊரடங்கிலிருந்து மீளவில்லை. ஆர்.எஸ்.ஐ.யும் ஓவர்பாட். விற்பதற்கு இதைவிட நியாயமான தருணம் எது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

விற்றவர்களுக்கு என்ன ஆனது?

நவம்பர் 24-ல் நிஃப்டி முதன்முறையாக 13,000-க்கு மேல் முடிந்தது. மறுநாள் சுமார் 200 புள்ளிகள் இறங்கி 12,858-க்கு வந்தது. விற்றவருக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்திருக்கும். ஆனால் அவர் விற்ற விலை 12,631. இறங்கிய பிறகும் விலை அதைவிட மேலேதான். டிசம்பர் 18 அன்று 13,760. அப்போது ஆர்.எஸ்.ஐ. 80-ஐ ஒட்டி இருந்தது.

வெறுமனே விற்றுவிட்டு ஒதுங்கியவருக்கு இழப்பு என்பது வராமல் போன லாபம். ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் விற்றவரின் கதை வேறு. அப்போது நிஃப்டியின் ஒரு லாட் 75. குறியீட்டு விலையை வைத்தே தோராயமாகக் கணக்குப் போட்டால், 12,631-ல் விற்று 13,760 வரை பிடிவாதமாக வைத்திருந்தவருக்கு 1,129 புள்ளிகள் நஷ்டம். 75-ஆல் பெருக்கினால் 84,675 ரூபாய். ஒரே ஒரு லாட்டுக்கு. ஓவர்பாட் என்ற ஒரு சொல்லை நம்பி இப்படி ஷார்ட் போவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன். கையில் இருக்கும் பங்கைச் சீக்கிரம் விற்பது அவரவர் சுபாவம், அதில் பெரிய குற்றமில்லை.

ஆனால் டிசம்பர் 21-ல் பெரிய சரிவு வந்ததே?

வந்தது. பிரிட்டனில் புதுவகைக் கொரோனா பரவுகிறது என்ற செய்தியில் ஒரே நாளில் 432 புள்ளிகள் போய், நிஃப்டி 13,328-ல் முடிந்தது. ஆர்.எஸ்.ஐ. 80-லிருந்து 50-களுக்கு விழுந்தது. “பார்த்தீர்களா, சொன்னேனே” என்று அன்று பலர் சொல்லியிருப்பார்கள்.

அந்த 13,328 கூட நவம்பர் 10-ல் விற்றவரின் விலையைவிட 700 புள்ளி மேலே. ஓவர்பாட் என்ற எச்சரிக்கை கடைசியில் பலித்தது என்றே வைத்துக்கொண்டாலும், பலித்த இடத்தில் விலை எச்சரித்த இடத்தைவிட உயரத்தில் இருந்தது. வலுவான ஏற்றத்தில் திருத்தம் வராது என்று யாரும் சொல்லவில்லை. வரும். ஆனால் முதல் எச்சரிக்கைக்கும் திருத்தத்துக்கும் நடுவில் விலை போகும் தூரம், திருத்தத்தின் ஆழத்தைவிட அதிகமாக இருந்துவிடுகிறது. டிசம்பர் 28-க்குள் நிஃப்டி 13,873 என்று புது உச்சத்துக்கே போய்விட்டது. சில நாட்களில் ஆர்.எஸ்.ஐ. மறுபடியும் 70-க்கு மேல்.

ஏன் விலை இறங்காமலே பிடித்துக்கொண்டிருந்தது?

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். 2020 நவம்பரில் மட்டும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் இந்தியப் பங்குகளில் நிகரமாக 60,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டன. டிசம்பரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இவ்வளவு பணத்தை ஒரே நாளில் இறக்க முடியாது. இறக்கினால் விலை எகிறி, வாங்குபவர் தலையிலேயே விடியும். அதனால் பெரிய ஃபண்டுகள் ஆர்டரைத் துண்டு துண்டாக்கி வாரக்கணக்கில் வாங்குகின்றன. விலை சற்று இறங்கினால் அங்கே கூடுதலாக வாங்குகின்றன. ஆக ஒவ்வோர் இறக்கமும் சின்னதாகவே முடிகிறது. இறக்கம் சின்னதாக இருந்தால் ஆர்.எஸ்.ஐ. கணக்கில் சராசரி இறக்கம் சுருங்குகிறது. எண் தானாகவே 70-க்கு மேல் ஒட்டிக்கொள்கிறது.

அதாவது நீடித்து நிற்கும் ஓவர்பாட், வாங்குபவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் அல்ல. இன்னும் வாங்கி முடிக்கவில்லை என்பதற்கான அடையாளமாகவே அது பல நேரம் இருக்கிறது.

அப்படியானால் ஏறும் சந்தையில் ஆர்.எஸ்.ஐ.யை எப்படிப் படிப்பது?

இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஆண்ட்ரூ கார்ட்வெல், கான்ஸ்டன்ஸ் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க சார்ட் நிபுணர்கள். அவர்கள் கவனித்தது இது: சந்தை ஏறும் காலத்தில் ஆர்.எஸ்.ஐ. 30-க்கும் 70-க்கும் நடுவே ஆடுவதில்லை. அந்த ஆட்டமே மேலே நகர்ந்து, சுமார் 40-லிருந்து 80 அல்லது 90 வரை போகிறது. இறங்கும் காலத்தில் அதுவே கீழே நகர்ந்து 20-லிருந்து 60 வரைக்குள் அடங்குகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் பார்க்க வேண்டிய இடமே மாறிவிடுகிறது. ஏற்றத்தில் 70 என்பது சாதாரணமாகப் போய்வரும் இடம். கவனிக்க வேண்டியது கீழ்ப்பக்கம். விலை இறங்கும்போது ஆர்.எஸ்.ஐ. எங்கே நிற்கிறது? 40-க்கும் 50-க்கும் நடுவே நின்று திரும்பினால் ஏற்றம் உயிரோடு இருக்கிறது. நவம்பர் 25 இறக்கத்தில் அது 60-க்குக் கீழேகூட வரவில்லை. டிசம்பர் 21-ன் பெரிய அடியிலும் 50-க்கு மேலேயே நின்றது.

40 ஒன்றும் இரும்புச் சுவர் அல்ல. 2021 ஜனவரி கடைசி வாரத்தில் பட்ஜெட் பயத்தில் நிஃப்டி தொடர்ந்து இறங்கி, 29-ம் தேதி 13,634-ல் முடிந்தது. ஆர்.எஸ்.ஐ. 40-க்குக் கீழே போனது. புத்தகப்படி ஏற்றம் முடிந்தது. பிப்ரவரி 1 பட்ஜெட் நாளன்று 647 புள்ளிகள் ஏறியது. பிப்ரவரி 15-ல் நிஃப்டி 15,314. ஆகவே இந்த எண்களை எல்லைக் கோடாகப் பிடித்துக்கொள்ளாமல், சந்தேகப்பட வேண்டிய இடமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்றம் வலுவானதா என்று எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் கண்ணால். ஒவ்வோர் உச்சமும் முந்தைய உச்சத்தைவிட மேலே, ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தைவிட மேலே இருக்கிறதா என்று சார்ட்டில் பாருங்கள். எண் வேண்டும் என்பவர்களுக்கு ஏ.டி.எக்ஸ். இருக்கிறது. அதையும் வைல்டர் அதே 1978 புத்தகத்தில்தான் கொடுத்தார். விலை எந்தத் திசையில் போகிறது என்று அது சொல்லாது, போகும் போக்கு எவ்வளவு வலுவானது என்று மட்டும் சொல்லும். 25-க்கு மேல் இருந்தால் வலுவான போக்கு என்பது பொதுவான வழக்கம். ஆர்.எஸ்.ஐ.யைக் கண்டுபிடித்தவரே அதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு கருவியையும் கொடுத்திருக்கிறார். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம்.

விலை ஒரு வரம்புக்குள் மேலும் கீழும் போய்வரும் பக்கவாட்டுச் சந்தையில் 70-ல் விற்று 30-ல் வாங்குவது ஓரளவு பலன் தரும். அங்கே ஏ.டி.எக்ஸ். 20-க்குக் கீழே படுத்திருக்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு வகைச் சந்தையிலும் ஒரே பொருள் இருப்பதில்லை.

ஓவர்பாட்டுக்குப் பிறகு சந்தை நிஜமாகவே விழுந்ததில்லையா?

விழுந்திருக்கிறது. 2018 ஜனவரி. அந்த மாதம் நிஃப்டி அநேகமாக நேர்கோடாக ஏறி, 29-ம் தேதி 11,130-ல் முடிந்தது. ஆர்.எஸ்.ஐ. 70-க்கு நன்றாக மேலே. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் பங்கு லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி வந்தது. உலகச் சந்தைகளும் சரிந்தன. பிப்ரவரி 6 அன்று 10,498. மார்ச் 23 அன்று 9,998.

அந்த ஜனவரியில் ஓவர்பாட் பார்த்து விற்றவர் செய்தது சரி. 2020 நவம்பரில் அதையே பார்த்து விற்றவருக்கு அது தவறாகிப்போனது. விற்ற அன்று இருவர் கையிலும் இருந்த எண் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதுதான் விஷயம்.

பிரித்துக் காட்டியது அதற்குப் பின் நடந்தது. 2018 பிப்ரவரியில் சரிவுக்குப் பிறகு சந்தை மீள முயன்றது. மீட்சி நூறு புள்ளிக்குள் களைத்துப்போனது. ஆர்.எஸ்.ஐ. 60-ஐ எட்டவே இல்லை. பிப்ரவரி 19-ல் நிஃப்டி 10,378-ல் முடிந்து, ஆண்டின் தொடக்கத்தில் இருந்த மட்டத்துக்கும் கீழே போனது. முந்தைய பள்ளம் உடைந்து, மீட்சியும் 60-க்குக் கீழே அடங்கிவிட்டால் போக்கு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் உச்சத்திலிருந்து 700 புள்ளிகளுக்கு மேல் போயிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறுதி தெரிய வேண்டும் என்றால் அதற்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஓவர்பாட்டில் விற்கவில்லை என்றால் எப்போதுதான் விற்பது?

விலையே சொல்லட்டும் என்று விட்டுவிடுவது ஒரு வழி. 20 நாள் சராசரி விலைக்குக் கீழே நிஃப்டி முடிந்தால் விற்பது என்று ஓர் எளிய விதி வைத்துக்கொண்டால் 2020-ல் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். நவம்பர் 10-க்குப் பிறகு அந்த மாத இறுதிவரை விலை சராசரிக்கு மேலே. டிசம்பர் 21-ன் 432 புள்ளிச் சரிவில் அது சராசரிக்கு மயிரிழையில் மேலே முடிந்து தப்பியது. ஜனவரி 25-ல் 14,239-ல் முடிந்தபோதுதான் சராசரி உடைந்தது. அங்கே விற்றவருக்கு நவம்பர் 10-ல் விற்றவரைவிட 1,600 புள்ளிகள் கூடுதல்.

அதே விதியின் தொந்தரவையும் பாருங்கள். 25-ம் தேதி விற்றவர், பட்ஜெட்டுக்குப் பிறகு பிப்ரவரி 2-ல் நிஃப்டி 14,647-க்கு வந்தபோது தான் விற்றதைவிட 400 புள்ளி உயரத்தில்தான் திரும்ப நுழைய வேண்டியிருந்திருக்கும். டிசம்பர் 21-ல் இன்னும் ஒரு 20 புள்ளி இறங்கியிருந்தால் அன்றே வெளியே தள்ளியிருக்கும். எந்த விதியும் உச்சத்தில் விற்றுத் தராது. இது செய்வதெல்லாம் ஏற்றத்தின் நடுப்பகுதியை உங்களுக்கு விட்டுவைப்பதுதான்.

இரவில் தூக்கம் வராதவர்களுக்கு நடுவழியும் உண்டு. 70-ஐத் தாண்டும்போது மூன்றில் ஒரு பங்கை மட்டும் விற்றுப் பணமாக்கிவிட்டு, மீதிக்கு ஸ்டாப்லாஸை விலை ஏற ஏற உயர்த்திக்கொண்டே போகலாம். கணக்குப்படி இது மிகச் சிறந்த வழி அல்ல. கடைப்பிடிக்கக் கூடிய வழி.

இதெல்லாம் தனிப் பங்குகளுக்கும் பொருந்துமா?

பெரிய கம்பெனிப் பங்குகளுக்கு ஓரளவு பொருந்தும். தினமும் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டு ஏறும் சிறு பங்குகளுக்குப் பொருந்தாது. அவற்றின் ஆர்.எஸ்.ஐ. 90-ஐத் தாண்டிப் போகும். அதை வலுவான ஏற்றம் என்று நம்பி உள்ளே இருந்தால், திரும்பும் நாளில் லோயர் சர்க்யூட் விழுந்து, விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. ஸ்டாப்லாஸ் போட்டிருந்தும் பயனில்லை. அங்கே ஆபத்து ஓவர்பாட்டில் இல்லை, கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதில் இருக்கிறது.

ஓவர்பாட் பார்த்து ஏற்கெனவே விற்றுவிட்டேன். பழைய விலைக்கு வரும்வரை காத்திருக்கலாமா?

விற்ற விலை உங்கள் மனதில் நிற்கும், சந்தைக்கு அது தெரியாது. முதல் இறக்கத்தில் ஆர்.எஸ்.ஐ. 40–50 பகுதியில் நின்று திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பினால் விற்றதைவிட விலை கூடுதலாக இருந்தாலும் கொஞ்சம் நுழைவதே காத்திருப்பதைவிடப் பரவாயில்லை. நுழையும்போதே அந்த இறக்கத்தின் அடிமட்டத்தை ஸ்டாப்லாஸாக வைத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 10 அன்று 12,631-ல் விற்றுவிட்டு அந்த விலை வரட்டும் என்று காத்திருந்தவருக்கு, அதற்குப் பிறகு நிஃப்டி ஒரு நாள்கூட அந்த மட்டத்துக்குக் கீழே முடியவில்லை.